படத்தில் சேர்த்த தாத்தா பூதமாகத் தெரிகிறாரா?

ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரையில் குடும்பமாக எடுத்த படம். அன்று வர முடியாத தாத்தாவை வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டுகிறோம். பலரும் செய்கிற தவறு, அக்காவின் தலையைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாக அவரைப் பெரிதாக்குவதோ சுருக்குவதோதான். இருவரும் தோளோடு தோள் நின்றால் அது ஓரளவு ஒத்துப்போகும். தாத்தாவைப் பின்னால் தள்ளி நிறுத்தினால் போதும், பூதமாகிவிடுவார்.

அளவைத் தீர்மானிப்பது அடிவானக் கோடு. கேமரா இருந்த உயரம் எதுவோ, சமதரையில் நிற்கும் எல்லோரையும் அந்த உயரத்தில்தான் கோடு வெட்டும். கிட்டே நின்றாலும் எட்டே நின்றாலும் இது மாறாது.

அக்காவின் உயரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அவர் பாதத்திலிருந்து உச்சந்தலை வரை 640 பிக்சல், பாதத்திலிருந்து அடிவானம் வரை 600. அப்படியென்றால் கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கிறது. தாத்தா 1.7 மீட்டர். அவரை நிறுத்தப்போகும் இடத்திலிருந்து அடிவானம் 300 பிக்சல் மேலே இருக்கிறது. 300-ஐ 1.5-ஆல் வகுத்து 1.7-ஆல் பெருக்கினால் 340. தாத்தாவின் உயரம் அவ்வளவுதான். கோடு அவர் வாய் மட்டத்தில் போகும்.

சரி, அடிவானம் எது? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நங்கூரமிட்ட கப்பல்களின் மேல்தட்டோ, எதிரே மங்கலாகத் தெரியும் தீவுகளின் முகடோ அடிவானம் அல்ல. கடல் முடிகிற கோடுதான் வேண்டும். புளோக்குகளுக்கு நடுவே எடுத்த படமென்றால் கடல் இருக்காது. அப்போது நடைபாதையின் இரண்டு ஓரங்களையும் கோடு போட்டு நீட்டுங்கள். தரை சமமாகவும் பாதை நேராகவும் இருந்தால், அவை சந்திக்கும் புள்ளி வழியாகத்தான் அடிவானம் போகும். கட்டடங்களின் மேல்விளிம்பை நம்பினால் ஆள் ராட்சதனாகிவிடுவார்.

மணல் சரிவையும் மறந்துவிடுகிறார்கள். தாத்தா நிற்கும் இடம் அக்கா நிற்கும் தரையைவிட அரை மீட்டர் தாழ்வு என்றால், அடிவானம் அவர் பாதத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அப்போது 1.5-க்குப் பதில் 2-ஆல் வகுக்க வேண்டும். அவர் தலை கோட்டுக்குக் கீழே போய்விடும். அதுதான் சரி, மேலே இழுக்காதீர்கள்.

அளவு பொருந்தியும் ஆள் ஒட்டாமல் தெரிந்தால், தாத்தாவின் பழைய படத்தைப் பாருங்கள். மாடி காரிடாரிலிருந்து கீழே பார்த்து எடுத்திருந்தால், வழுக்கையும் செருப்பின் மேல்பக்கமும் தெரியும். அதை எவ்வளவு சுருக்கினாலும் கடற்கரையில் நிற்காது, வேறு படம்தான் தேட வேண்டும். வாய்ட் டெக்கில் 5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படமென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். கடற்கரைப் படத்திலும் அவர் நிற்கும் இடம் கேமராவிலிருந்து 5 மீட்டர் தள்ளி என்றால், கோண வித்தியாசம் 3 டிகிரி சொச்சம்தான். ஆனால் அந்தப் படத்தின் அடிவானத்தை இந்தப் படத்தின் அடிவானத்தோடு சேர்த்து வைக்கக் கூடாது. முதலில் பாதத்தை இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் 340 பிக்சலுக்குக் கொண்டுவாருங்கள்.