வேண்டிய தெருக்களை மட்டும் சுற்றி வர வழி போடுவது எப்படி?

எல்லாத் தெருவிலும் ஒரு தடவையாவது போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்றால், அது 1960-இல் குவான் மெய்கோ எழுப்பிய 'சீனத் தபால்காரர்' கணக்கு. கிராமத்தில் நிலைமை வேறு. வீடுகள் இருக்கும் தெருவுக்குத்தான் தபால் போகும்; நடுவில் வயலோரச் சாலை வந்தால் அது கடந்துபோக மட்டும். இப்படிச் சில தெருக்கள் கட்டாயம், மற்றவை இணைப்புக்கு மட்டும் என்று வரும் கணக்குக்குக் 'கிராமத் தபால்காரர்' கணக்கு என்று பெயர். குப்பை வண்டிக்கும் தெருவிளக்குச் சோதனைக்கும் இதே முறைதான்.

ஒரு சின்ன ஊரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். காகிதமும் இரண்டு நிறப் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கட்டாயத் தெருக்களைச் சிவப்பில் வரையுங்கள்

தபால் நிலையம்–ஆலமரம் 300 மீட்டர், ஆலமரம்–கோயில் 200, கோயில்–தபால் நிலையம் 400, ஆலமரம்–பள்ளி 150. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாலம்–ரேஷன் கடை 250, ரேஷன் கடை–பண்ணை 350. மொத்தம் 1650 மீட்டர்.

வீடில்லாத சாலைகள் நீலத்தில்: பள்ளி–பாலம் 200, கோயில்–பாலம் 350, பண்ணை–தபால் நிலையம் 500.

இப்போது நீலத்தை மறந்து சிவப்பை மட்டும் பாருங்கள். ஊர் இரண்டு தீவாக நிற்கிறது. சிவப்பு முழுக்க ஒரே துண்டாக இருந்திருந்தால் இது சாதாரணச் சீனத் தபால்காரர் கணக்குதான். கணினி சுலபமாகத் தீர்த்துவிடும். தீவுகள் கூடக் கூடத்தான் கணக்கு கடினமாகிறது.

2. முதலில் தீவுகளை இணையுங்கள்

இரண்டு தீவுக்கும் நடுவே மிகக் குட்டையான இணைப்பு பள்ளி–பாலம், 200 மீட்டர். அதைச் சேர்த்துவிடுங்கள். தீவுகள் பல இருந்தால், எல்லாம் ஒட்டும்வரை குறைந்த நீளத்தில் இணைத்துக்கொண்டே போக வேண்டும்.

3. ஒற்றைப்படைச் சந்திகளைச் சோடி சேருங்கள்

ஒவ்வொரு சந்தியிலும் எத்தனை கோடு வந்து சேர்கிறது என்று எண்ணுங்கள். சந்திக்குள் வந்தால் வெளியே போகவும் ஒரு கோடு வேண்டும், ஆகவே எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். நம் படத்தில் ஆலமரத்தில் 3, பண்ணையில் 1, மற்றதெல்லாம் 2. இந்த இரண்டையும் மிகக் குட்டையான வழியில் இணைக்க வேண்டும். பாலம் வழியாக 950 மீட்டர், தபால் நிலையம் வழியாக 800. சின்னதை எடுத்துக்கொள்வோம்.

மொத்தம் 1650 + 200 + 800 = 2650 மீட்டர். எல்லாச் சாலையையும் சுற்றினால் 3350 ஆகும். 700 மீட்டர் மிச்சம்.

நான் முதலில் கற்றபோது இந்த இரண்டு படியையும் மாற்றிப் போட்டேன். இணைக்காமல் சோடி சேர்த்தால் ஆலமரம்–பள்ளி, பாலம்–பண்ணை என்று 750 மீட்டரிலேயே முடிந்ததுபோலத் தெரியும். ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று என்று இரண்டாக நிற்கும். அப்புறம் ஒட்டவைக்க பள்ளி–பாலம் சாலையில் போகவும் வரவும் 400 மீட்டர், ஆக 1150. சரியான வரிசையில் கூடுதல் 1000 மட்டும்தான்.

4. சுற்றை எடுங்கள்

கையால் எடுத்தால்: தபால் நிலையம், ஆலமரம், பள்ளி, பாலம், ரேஷன் கடை, பண்ணை, தபால் நிலையம், மறுபடி ஆலமரம், கோயில், தபால் நிலையம். பைத்தானில்:

```python
import networkx as nx
M = nx.MultiGraph()
M.add_edges_from([
 ("தபால்","ஆல்"), ("ஆல்","கோயில்"), ("கோயில்","தபால்"),
 ("ஆல்","பள்ளி"), ("பாலம்","ரேஷன்"), ("ரேஷன்","பண்ணை"),
 ("பள்ளி","பாலம்"),                      # இணைப்பு
 ("பண்ணை","தபால்"), ("தபால்","ஆல்")])     # சோடி
print(list(nx.eulerian_circuit(M, source="தபால்")))
```

சுற்றின் வரிசை வேறாக வரலாம், நீளம் மாறாது. `MultiGraph`-க்குப் பதில் `Graph` போட்டால் இரண்டாவது தபால்–ஆல் கோடு முதலாவதோடு கலந்துவிடும். `G is not Eulerian.` என்று பிழை வரும். ஏதாவது ஒரு சந்தி ஒற்றைப்படையில் நின்றாலும், தீவு ஒட்டாமல் விட்டுப்போனாலும் இதே பிழைதான். ஆகவே இதைப் பார்த்ததும் முதலில் கோடுகளை எண்ணுங்கள்.

நம் ஊரில் 2650-ஐவிடக் குட்டையான சுற்று இல்லை. பெரிய ஊரில் இந்த முறை மிகச் சிறந்த விடையைத் தரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அதன் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. அதுவும் இரு திசையிலும் போகக்கூடிய தெருக்களுக்குத்தான். ஒருவழிப் பாதை வந்தால் ஒவ்வொரு சந்தியிலும் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாக எண்ணிச் சமன் செய்ய வேண்டும்.