ஒரே வேலைக்கு இரண்டு பில் போய்விட்டதா? மன்னிப்புக் கடிதம் எழுதும் முறை

முதலில் பில் எண்ணைப் பாருங்கள். ஒரே எண்ணுள்ள பில் இரண்டு முறை போயிருந்தால் அது வெறும் நகல். இரண்டு வரி மின்னஞ்சல் போதும். வெவ்வேறு எண்களில் போயிருந்தால்தான் சிக்கல். இரண்டும் ஒரே வேலைக்கானவை என்று கணக்குப் பிரிவில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டு பாக்கியாக ஏற்றிவிடுவார். இங்கே அதற்குத்தான் கடிதம்.

அடுத்து, எழுதும் முன் ஒரு போன் செய்யுங்கள். எந்த எண்ணை ஏற்றியிருக்கிறார்கள், பணம் போய்விட்டதா என்று கேளுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் முதல் பில்லை வைத்துக்கொண்டு இரண்டாவதை ரத்து செய்யலாம்.

ஒரு வடிவமைப்பாளரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

பொருள்: பில் 121/25-26 ரத்து, 118/25-26-க்கு மட்டும் ரூ.47,200 செலுத்தவும்

ஐயா, வணக்கம்.

அக்டோபர் மாத வடிவமைப்பு வேலைக்கு 3.11.2025 அன்று பில் 118/25-26 அனுப்பியிருந்தோம். அதே வேலைக்கு 6.11.2025 அன்று 121/25-26 என்ற பில்லையும் தவறுதலாக அனுப்பிவிட்டோம். தவறு எங்களுடையது, மன்னிக்கவும்.

118/25-26-க்கு மட்டும் பணம் செலுத்தவும்: வேலைக்கு ரூ.40,000, ஜிஎஸ்டி 18% ரூ.7,200, மொத்தம் ரூ.47,200. கடைசி நாள் 3.12.2025.

121/25-26-க்குப் பணம் செலுத்த வேண்டாம். கணக்கில் ஏற்றியிருந்தால் நீக்கிவிடவும். ஏற்கெனவே செலுத்தியிருந்தால் தெரிவியுங்கள். கூடுதலாக வந்த தொகையை மூன்று வேலை நாட்களில் திருப்பி அனுப்புகிறோம்.

எங்கள் வங்கிக் கணக்கில் மாற்றம் இல்லை.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பணம் பற்றித் திடீரென்று வரும் மின்னஞ்சலை மோசடியோ என்று சந்தேகிப்பது நியாயம்தான். அதனால் கணக்கு எண்ணைக் கடிதத்தில் எழுதாமல், இரண்டாவது பில் போன அதே மின்னஞ்சலில் ‘ரிப்ளை’ அழுத்தி இதை அனுப்புங்கள். திருப்பித் தரும் இடத்தில் ரூ.47,200 என்று எழுதாததற்கும் காரணம் உண்டு: அவர்கள் டிடிஎஸ் பிடித்திருந்தால் உங்களுக்கு வந்தது அதைவிடக் குறைவாக இருக்கும்.

அப்புறம் உங்கள் பக்கக் கணக்கு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு அடுத்த மாதம் 11-ம் தேதி. அதற்குள் தவறைக் கண்டுபிடித்தால் 121-ஐ விற்பனையில் சேர்க்காமல், ரத்தான எண்ணாகக் காட்டிவிடலாம். அந்த எண்ணை வேறு பில்லுக்குக் கொடுக்காதீர்கள். தாக்கல் முடிந்துவிட்டால் ‘ரத்து’ என்று கடிதத்தில் எழுதுவது மட்டும் போதாது. 121-க்குக் கிரெடிட் நோட் போட்டு, அதன் எண்ணையும் தேதியையும் கடிதத்தில் சேர்த்து, நகலை இணைத்து அனுப்புங்கள்.