பத்துக் கட்டில் கொண்ட பகிர்வு விடுதி: தொடங்குவோருக்கான கணக்கும் படிகளும்

வேலைக்காக நகரத்துக்கு வரும் இளைஞர்களுக்கென ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கட்டில் கணக்கில் விடும் சிறிய விடுதியைத் தொடங்குவோருக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல்

உள்வாடகைக்கு விடலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். அது இல்லாவிட்டால், உங்களோடு உங்களை நம்பித் தங்கியவர்களும் வெளியேற நேரிடலாம். விடுதிக்கான உரிமம், தீப்பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றை உள்ளாட்சி அலுவலகத்தில் முன்னரே கேட்டறியுங்கள்.

படி 2: கட்டில்களின் எண்ணிக்கை

அறையின் பரப்பை மட்டும் பார்த்துக் கட்டில் போடுவது தவறு; குளியலறைதான் எல்லையை வகுக்கிறது. பத்துப் பேருக்கு இரண்டு குளியலறைகள் இருந்து, ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் ஆகுமானால், அனைவரும் குளித்து முடிக்க 75 நிமிடம் வேண்டும். அவர்களில் மூவர் இரவுப் பணியாளர்கள் என்றால், காலையில் ஏழு பேர் மட்டுமே வரிசையில் நிற்பார்கள்; ஒரு மணி நேரம் போதும். இரவுப் பணியாளர்களை ஒரே அறையில் சேர்ப்பதும் நல்லது, ஏனெனில் பகலில் உறங்குபவரும் இரவில் உறங்குபவரும் ஓர் அறையைப் பகிரும்போது இருவருக்குமே தூக்கம் கெடுகிறது.

படி 3: கட்டில் வாடகை

வீட்டு வாடகையை 100 பங்கு எனக் கொள்வோம். துப்புரவு, காவல், இணையம், தண்ணீர், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு 50 பங்கு சேர்த்தால் மாதச் செலவு 150. இதைப் பத்தால் வகுத்து, கட்டிலுக்கு 15 என வைத்தால், ஒரு கட்டில் காலியானாலே நட்டம் வந்துவிடும். வேலை மாறுபவர்களும் ஊர் திரும்புபவர்களும் இருப்பார்கள் என்பதால், எட்டுக் கட்டில்களே நிரம்பும் எனக் கொண்டு வகுங்கள், 18.75 வரும். வாடகையை 20 என வைத்தால், எட்டுப் பேர் இருக்கும்போது 10 பங்கு மிஞ்சும். ஏழு பேரானால் 10 பங்கு குறையும். அந்தப் பகுதியில் 20 பங்கு தர எவரும் முன்வராவிட்டால், கட்டில்களை நெருக்கிப் போடுவதைவிட அந்த வீட்டை விட்டுவிடுவதே சரி. மின்கட்டணத்தை இதில் கலக்காமல், அறைக்கு ஒரு துணை மீட்டர் பொருத்தித் தனியே வசூலிப்பது சச்சரவைக் குறைக்கும்.

படி 4: முன்பணம்

தங்குபவர் தரும் முன்பணம் அவருடைய பணம். அதைக் கொண்டு கட்டிலும் மெத்தையும் வாங்கிவிட்டால், இருவர் ஒரே வாரத்தில் வெளியேறும்போது திருப்பித் தர வழியிருக்காது. ஆகவே அதைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். சேரும் நாளில் கட்டில், அலமாரி, சுவர் ஆகியவற்றின் நிலையைப் படம் எடுத்து இருவரும் கையொப்பமிட்டால், பிடித்தம் பற்றிய வாக்குவாதம் எழாது. வெளியேறுவதை ஒரு மாதம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும் அதே தாளில் எழுதுங்கள். காலியாகும் கட்டிலுக்கு ஆள் தேட அந்த மாதம் உதவும்.