எடை மேடை வரிசைக் கணக்கு: முதலில் அலகைப் பாருங்கள்

போட்டோ எடுத்து அனுப்பும் வரிசைக் கணக்குகளில் பலரும் சறுக்குவது சூத்திரத்தில் இல்லை, அலகில்தான். ஒரு கணக்கு: ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரே எடை மேடை. மணிக்கு 10 லாரி வருகிறது, ஒரு லாரியை எடை போட சராசரியாக 4 நிமிடம். ஒரு லாரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கேள்வி. படத்தில் அந்த ‘நிமிடம்’ ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தால் 4-ஐயே சேவை வீதமாக, அதாவது மணிக்கு எடை போடும் லாரி எண்ணிக்கையாக எடுத்துவிடுவோம். அப்போது பயன்பாடு 10/4 = 2.5 என்று வரும். 1-ஐத் தாண்டினால் வரிசை முடிவில்லாமல் நீளும் என்று அர்த்தம். உடனே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சரியான சேவை வீதம் μ மணிக்கு 60/4 = 15, வருகை வீதம் λ மணிக்கு 10. பயன்பாடு ρ, வரிசையில் காத்திருப்பு Wq, மண்டியில் மொத்த நேரம் W:

```
ρ = λ/μ = 10/15 ≈ 0.667
Wq = ρ/(μ−λ) = 0.667/5 ≈ 0.133 மணி = 8 நிமிடம்
W = 8 + 4 = 12 நிமிடம்
```

கேள்வி ‘வரிசையில்’ என்றால் 8, ‘மண்டியில் மொத்தமாக’ என்றால் 12. லாரி மணிக்கு 12 ஆனால் பயன்பாடு 0.8தான், ஆனால் காத்திருப்பு 16 நிமிடமாக இரட்டிக்கும்!

அப்புறம், இதெல்லாம் வருகை பாய்சான், சேவை நேரம் அடுக்குக்குறிப் பரவல் என்றால்தான். ஒவ்வொரு லாரிக்கும் மாறாமல் 4 நிமிடம் என்றிருந்தால், 10 லாரிக்கான 8 நிமிடக் காத்திருப்பு பாதியாகி 4 நிமிடம்தான்.