ஒரே ஆடுகளம், பன்னிரண்டு வகுப்புகள்: லீக் அட்டவணை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி என மூன்று பிரிவு. ஆக 12 கபடி அணிகள். கோடு போட்டு ஆட ஒரே களம்தான். "எல்லாரும் எல்லாரோடும் மோதட்டும்" என்று காலை வழிபாட்டிலேயே அறிவித்துவிடுவதுதான் முதல் தவறு. 12 அணி என்றால் 12×11÷2, அதாவது 66 ஆட்டம்.

ஒரு மாலையில் எத்தனை ஆட்டம் முடியும் என்று முதலில் பாருங்கள். இந்த வயதினருக்கு 15 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 15 என 35 நிமிடம். டைம் அவுட், அடிபட்டவனைக் கவனிப்பது, அடுத்த அணி உள்ளே வருவது எல்லாம் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு 50 நிமிடம் ஒதுக்க வேண்டும். 4.30க்குத் தொடங்கினால் இரண்டாவது ஆட்டம் முடிய 6.10 ஆகிவிடும். கல்லல், பள்ளத்தூர் பக்கம் பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைகளை அதற்கு மேல் நிறுத்த முடியாது. நாளுக்கு இரண்டு என்றால் 66 ஆட்டத்துக்கு 33 நாள். நடுவில் தேர்வு வந்துவிடும், லீக் பாதியில் நிற்கும்.

ஆகவே 6, 7 வகுப்புகளின் ஆறு அணிகள் ஒரு பூல். 8, 9 வகுப்புகளின் ஆறு அணிகள் இன்னொரு பூல். பூலுக்கு 15 ஆட்டம். தினமும் முதல் ஆட்டம் சின்னவர்களுக்கு, இரண்டாவது பெரியவர்களுக்கு. 15 நாளில் முடிந்துவிடும். ஒரே நாளில் ஓர் அணி இரண்டு முறை களமிறங்க வழியே இல்லை. ஆறாம் வகுப்புப் பொடியன்கள் ஒன்பதாம் வகுப்போடு மோதாமல் இருப்பதும் நல்லதுதான்.

அடுத்த தவறு அதிகம் பேர் செய்வது. 1-2, 1-3, 1-4 என்று வரிசையாக எழுதி, அப்படியே தேதி போட்டுவிடுவார்கள். முதல் அணி ஐந்து நாள் தொடர்ந்து ஆடிக் களைத்து, பிறகு பத்து நாள் கைகட்டி வேடிக்கை பார்க்கும். ஆறாம் அணிக்கு முதல் ஆட்டமே ஐந்தாம் நாள்தான்.

சரியான வழி சுழற்சி முறை. 1ஐ அசையாமல் வைத்து, மற்ற ஐந்து எண்களையும் ரவுண்டுக்கு ஓர் இடம் நகர்த்த வேண்டும். ஆறு அணிக்கு இப்படி வரும்:

ரவுண்ட் 1: 1-6, 2-5, 3-4
ரவுண்ட் 2: 1-5, 6-4, 2-3
ரவுண்ட் 3: 1-4, 5-3, 6-2
ரவுண்ட் 4: 1-3, 4-2, 5-6
ரவுண்ட் 5: 1-2, 3-6, 4-5

நாளுக்கு ஒன்றாக, இடமிருந்து வலமாக இதே வரிசையில் ஆட வேண்டும். ஒரு ரவுண்டுக்குள் எந்த அணியும் திரும்ப வராது. சிக்கல் ரவுண்ட் மாறும் இடத்தில்தான். 3-4 முடிந்த மறுநாள் 1-5, 2-3 முடிந்த மறுநாள் 1-4 என்று போவதால் யாருக்கும் அடுத்தடுத்த நாள் ஆட்டம் விழாது. இதை அறியாமல் "முதல் ரவுண்டில் 1-6 ஆட்டத்தைக் கடைசியில் வைப்போம்" என்று மாற்றினால், 1ஆம் அணி மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஆட நேரும். எழுதி முடித்ததும் பக்கத்துப் பக்கத்து ஆட்டங்களில் ஒரே எண் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எண்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். ஆனால் 1ஆம் எண்ணுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு: அந்த அணி 1, 4, 7, 10, 13ஆம் நாட்களில்தான் ஆடும். சாரணர் பயிற்சி போன்ற வேறு வேலை உள்ள வகுப்பு இருந்தால், எல்லாரிடமும் சொல்லிவிட்டு அதை அவர்களுக்கே ஒதுக்கலாம்.

மழை வந்தால் பலர் தடுமாறுகிறார்கள். நின்றுபோன ஆட்டத்தை ஏதோ ஒரு காலி நாளில் செருகினால் இடைவெளி எல்லாம் குலைந்துவிடும். வரிசையைத் தொடாமல் மொத்தப் பட்டியலையும் ஒரு நாள் தள்ளுங்கள். இதற்காகவே அறிவிப்புப் பலகையில் தேதிக்குப் பதில் "5ஆம் ஆட்டநாள்" என்று எழுதி, தேதியை வாரத்துக்கு வாரம் பென்சிலால் குறிப்பது நல்லது. திங்கள் முதல் வெள்ளி வரை ஆட்டம், சனிக்கிழமை ஈடு செய்ய. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையே வேண்டாம்; நவம்பரில் இங்கே 5.50க்கே சூரியன் மறைந்துவிடும், இரண்டாம் ஆட்டம் இருட்டில் சிக்கும். ஜூலை என்றால் 6.40 வரை வெளிச்சம் இருக்கும்.

கடைசி ரவுண்டில் இன்னொரு வம்பு. ஒரே களத்தில் மூன்று ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. ஆகவே 15ஆம் நாள் ஆடும் 4, 5 அணிகளுக்கு, தங்களுக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கும். 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் அல்ஜீரியா முந்தைய நாளே ஆடி முடித்திருக்க, மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இருவருக்கும் போதுமான 1-0 என்ற கணக்கோடு ஆட்டத்தை ஓட்டியது இப்படித்தான். அதன் பிறகு 1986 முதல் குழுவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் விதியால்தான் ஓரளவு அடைக்க முடியும். வெற்றிக்கு 2, சமனுக்கு 1 புள்ளி. இரு அணிகள் சமமாக நின்றால் முதலில் அவர்கள் நேருக்கு நேர் ஆடிய முடிவு, அதற்குப் பிறகே மொத்தப் புள்ளி வித்தியாசம். வித்தியாசத்தை முதலில் வைத்தால், கடைசி நாளில் ஆடுகிறவர்கள் கணக்குப் பார்த்தே ஆடுவார்கள்.

பாதியில் ஓர் அணி விலகினால் என்ன என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்: மூன்று ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் அவர்கள் முடிவுகள் அனைத்தும் ரத்து, மூன்றோ அதற்கு மேலோ என்றால் மீதி ஆட்டங்களில் எதிரணிக்கு வாக்கோவர். முதல் ஆட்டத்துக்கு முன்பே 12 கேப்டன்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.