வெறுமையாக வந்த வினாத்தாளை மீண்டும் கேட்கும் மின்னஞ்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேர்காணலுக்கு முன்பே விடை எழுதி அனுப்பும்படி நிறுவனம் அனுப்பிய வினாத்தாளைத் திறக்கும்போது வெள்ளைப் பக்கங்கள் மட்டுமே தெரிந்தால், அந்த நொடியிலேயே புகார் எழுதத் தொடங்குவதுதான் முதல் தவறு. கைப்பேசி முன்னோட்டத்தில் சில பிடிஎஃப் படிவங்களின் எழுத்துகள் தோன்றுவதில்லை. அதே கோப்பைப் பதிவிறக்கிக் கணினியில் பிடிஎஃப் செயலி ஒன்றில் திறந்தால் வினாக்கள் அப்படியே இருக்கக்கூடும். கோப்பின் அளவையும் பாருங்கள். அது 0 KB என்று காட்டினால் உள்ளே எதுவும் வந்து சேரவில்லை. சில நூறு KB இருந்தால், உள்ளடக்கம் இருந்தும் உங்கள் கருவியில் தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது தவறு, புதிய மின்னஞ்சல் தொடங்குவது. பல விண்ணப்பதாரர்களுக்கு ஒரே நாளில் கடிதம் அனுப்பிய அலுவலர், நீங்கள் யார், எந்தப் பணிக்கு விண்ணப்பித்தீர்கள் என்று தேட வேண்டியிருக்கும். வந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். தலைப்பு வரியை மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும் என்பதால் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

எல்லாவற்றிலும் அதிகம் காணப்படும் குறை, 'கோப்பு வேலை செய்யவில்லை' என்ற மொட்டை வாக்கியம். கோப்பு திறக்கவே இல்லையா, திறந்தும் பக்கங்கள் வெறுமையா, தலைப்பு மட்டும் இருந்து வினாக்கள் இல்லையா என்பது அதிலிருந்து தெரியாது. அது தெரியாத அலுவலர் அதே பழுதான கோப்பையே மறுபடி அனுப்புவார். 'தாங்கள் வெற்றுத் தாளை அனுப்பியுள்ளீர்கள்' என்று எழுதுவதும் வேண்டாம், ஏனெனில் தவறு எங்கே நேர்ந்தது என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. கணக்காளர் பணிக்கு விண்ணப்பித்த ஒருவர் இப்படி எழுதலாம்:

'மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், கணக்காளர் பணிக்கான வினாத்தாளுடன் தாங்கள் நேற்று அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. அதிலுள்ள Questions.pdf கோப்பு திறக்கிறது. ஆனால் மூன்று பக்கங்களும் வெறுமையாக உள்ளன. கைப்பேசியிலும் கணினியிலும் பதிவிறக்கிப் பார்த்தேன். விடைகளை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்ப வேண்டியிருப்பதால், வினாத்தாளை வேர்டு வடிவிலோ மின்னஞ்சலின் உள்ளேயோ மீண்டும் அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே முழுப்பெயர், விண்ணப்ப எண், தொலைபேசி எண் ஆகியவை போதும். வேறு வடிவில் கேட்பதுதான் இதில் முக்கியம். வெற்றுப் பக்கத்தின் திரைப்பிடிப்பு ஒன்றை இணைக்கலாம். மூலக் கோப்பைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. கால நீட்டிப்பை இதே கடிதத்தில் கேட்பது அவசரப்படுவதாகும்: வினாத்தாள் தாமதமாக வந்தால் அப்போது கேட்கலாம். புதிய கோப்பு வந்ததும், அதைத் திறந்து எல்லா வினாக்களும் இருப்பதைப் பார்த்த பிறகே 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் எழுதுங்கள்.