நீள ஸ்கிரீன்ஷாட்டா? கீழேயிருந்து வெட்டுங்க

பாவூர்சத்திரம் மார்க்கெட் காய்கறி விலையை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து மூணு ஸ்கிரீன்ஷாட்டா எடுத்து ஒட்டினா, நடுவுல ரெண்டு இடத்துல குரூப் பேரும் டைப் பண்ற பெட்டியும் வந்து நிக்கும். பார்க்கிறவங்க, "பட்டியல் முடிஞ்சிட்டு போல"ன்னு அங்கேயே நிறுத்திருவாங்க.

ஒவ்வொரு படமும் 2400 பிக்சல் உயரம், தலைப்பகுதி 220, அடிப்பகுதி 180னு வைங்க. ஒட்டின இடத்துல ரெண்டும் சேர்ந்து 400 பிக்சல் பட்டை. முதல் பட்டை 2220ல, அடுத்தது 4620ல தொடங்கும். ஒட்டின படத்தோட பேர் nedu.pngனு வைங்க. லேப்டாப்ல படம் திருத்துற இமேஜ்மேஜிக் 7 இருந்தா ஒரே வரி போதும்:

```
magick nedu.png -chop 0x400+0+4620 -chop 0x400+0+2220 +repage out.png
```

கீழ்ப்பட்டையைத்தான் முதல்ல வெட்டணும். மேல வெட்டினா கீழ உள்ளது 400 பிக்சல் ஏறிரும், 4620ங்கிற கணக்கு தப்பிரும்.

7200 உயரம் 6400 ஆகியிருக்கணும். ஒட்டின இடத்துல ஒரே மெசேஜ் அதே நேரத்தோட ரெண்டு தடவை வந்தா, ஸ்க்ரோல் பண்ணும்போது கொஞ்சம் மேலேறி விழுந்திருக்கு. அந்த அளவையும் 400ஓட கூட்டிக்கிடுங்க. மெசேஜ் பாதியில அறுந்து நின்னா வெட்டிப் பிரயோஜனமில்ல, அந்தப் பகுதியைத் திரும்ப எடுக்கணும்.

வாட்ஸ்அப்ல போட்டோவா வந்த படத்துக்கு இந்த எண்கள் பொருந்தாது. அனுப்பும்போதே அளவு சுருங்கியிருக்கும், புதுசா அளந்துக்கிடுங்க.